கோப்புறைக்கு ஏன் இரண்டாவது பெயர் கிடையாது?

லினக்ஸில் ஒரு கோப்புக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். கோப்புறைக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. கீழே உள்ளதை ரூட் அதிகாரத்தோடு அடித்தாலும் பதில் மாறாது.

```
$ mkdir -p a/b
$ ln a a/b/c
ln: a: hard link not allowed for directory
$ ln -s ../../a a/b/c
```

முதல் `ln` மறுக்கப்படுகிறது. `-s` சேர்த்த இரண்டாவது சத்தமில்லாமல் நிறைவேறுகிறது. காரணம் கேட்டால் பாடப்புத்தகங்கள் "வட்டம் உருவாகிவிடும்" என்று ஒரு வரியில் முடித்துவிடும். அந்தப் பதில் பொய்யல்ல, ஆனால் போதாது. ஏனென்றால் நாம் இப்போது போட்ட சிம்லிங்க்கும் வட்டம்தான்: `a/b/c/b/c/b/c` என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு வட்டத்தை அனுமதித்துவிட்டு இன்னொரு வட்டத்தை ஏன் தடுக்க வேண்டும்?

வித்தியாசம் அடையாளத்தில் இருக்கிறது. சிம்லிங்க் என்பது தனிக் கோப்பு. அதற்கென்று சொந்த ஐநோடு உண்டு, அதன் வகை 'சிம்லிங்க்' என்றே வட்டில் எழுதப்பட்டிருக்கும், உள்ளே இருப்பது வெறும் பாதைச் சரம். "இக்கடை எதிர் வரிசைக்கு மாற்றப்பட்டது" என்று ஷட்டரில் தொங்கும் பலகையைப் போன்றது அது. பலகையைப் பார்ப்பவருக்கு அது கடையல்ல என்று தெரியும். `find`, `du`, `rm -r` ஆகியவை வழக்கமாக இந்தப் பலகையோடு நின்றுவிடுகின்றன, உள்ளே போவதில்லை. போயே தீர்வேன் என்று யாராவது பாதையைச் சுற்றிச் சுற்றி நீட்டினாலும், 40 சிம்லிங்க்குகளைத் தாண்டியதும் லினக்ஸ் கெர்னல் `Too many levels of symbolic links` என்று கையை விரித்துவிடும்.

ஹார்ட் லிங்க்குக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. கோப்புறையின் உள்ளடக்கம் என்பது பெயரும் ஐநோடு எண்ணும் சேர்ந்த ஒரு பட்டியல். ஒரே எண்ணை இரண்டு பெயர்கள் குறித்தால் எது மூலம், எது நகல் என்ற பேச்சே கிடையாது, இரண்டும் சமம். கோப்புகளில் இது பெரிய வசதி. ஒரு பெயரை அழித்தாலும் மற்றதன் வழியே தரவு அப்படியே இருக்கும். ஐநோடிலுள்ள இணைப்பு எண்ணிக்கை பூஜ்யமாகி, எந்த நிரலும் கோப்பைத் திறந்து வைத்திருக்காதபோதுதான் இடம் விடுவிக்கப்படும்.

இதே கணக்கைக் கோப்புறைக்குப் போட்டுப் பார்ப்போம். ext4-இல் புதிதாக உருவாக்கிய `a`-வின் எண்ணிக்கை 2: மேல் கோப்புறையில் உள்ள அதன் பெயர் ஒன்று, தன்னையே குறிக்கும் `.` ஒன்று. `b` பிறந்ததும் அதற்குள் இருக்கும் `..` மேலே `a`-வைச் சுட்டுவதால் 3. அந்தத் தடுக்கப்பட்ட `ln` நிறைவேறியிருந்தால் 4. இப்போது மேல் கோப்புறையிலிருந்து `a` என்ற பெயரை எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை 3-க்கு இறங்கும், அதற்குக் கீழே இறங்க வழியில்லை. `a` உள்ளே `b`, `b` உள்ளே `c`, `c` என்பது மறுபடி `a`. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டு கோப்புறைகளும் உயிரோடு இருக்கும். ஆனால் `/`-இலிருந்து அங்கே போக ஒரு பாதையும் இருக்காது. வட்டில் இடம் போயிருக்கும், அழிக்கவும் முடியாது. இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு நீக்கத்தின்போதும் வேரிலிருந்து முழு மரத்தையும் நடந்து பார்க்க வேண்டும். அந்த விலையைக் கொடுக்க எந்தக் கோப்பு முறைமையும் தயாராக இல்லை.

வட்டமே இல்லாமல், இரண்டு தனித்தனிக் கோப்புறைகளிலிருந்து ஒரே `x`-க்குப் பெயர் வைத்தாலும் சிக்கல் தீராது. `x`-இன் `..` யாரைச் சுட்டும்? இடம் ஒன்றுதான், தாய்க் கோப்புறைகளோ இரண்டு. `a`-வை அதன் சொந்தப் பேரக் கோப்புறைக்குள் நகர்த்த முயன்றால் கெர்னல் தடுப்பதும், தாய் ஒன்றே என்ற நம்பிக்கையில் மேல்நோக்கி ஏறிப் பார்த்துத்தான். அந்த நம்பிக்கை போனால் சோதனையும் போகும். `e2fsck` கோப்புறைக்கு இரண்டாவது பெயரைக் கண்டால் பிழையாகவே கருதி நீக்கட்டுமா என்று கேட்பது இதனால்தான்.

கவனித்தால், `.`, `..` இரண்டுமே கோப்புறைக்கான ஹார்ட் லிங்க்குகள். ஆக, இது முழுத் தடை அல்ல; அந்த அதிகாரத்தைக் கெர்னல் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. பழைய யூனிக்ஸில் ரூட்டிடமும் அது இருந்தது. `mkdir` அப்போது ரூட் உரிமையோடு ஓடும் சாதாரண நிரல்; வெறும் கோப்புறையை உருவாக்கி, `.`, `..` இரண்டையும் தானே இணைக்கும். நடுவில் நின்றுபோனால் அரைகுறைக் கோப்புறைதான் மிச்சம். 1983-இல் வந்த 4.2BSD அந்த வேலையைக் கெர்னலுக்குள் கொண்டுபோனது. சிம்லிங்க் வந்ததும் அதே வெளியீட்டில்தான்.

அதற்காகச் சிம்லிங்க்கைப் புகழ்ந்து தள்ளவும் முடியாது. மூலத்தை நகர்த்தினால் அது அறுந்து தொங்கும், யாரும் எச்சரிக்க மாட்டார்கள். `..` குழப்பமும் முழுமையாக ஒழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது:

```
$ ln -s /var/log/nginx ~/log
$ cd ~/log
$ ls ..     # /var/log-இல் உள்ளவை
$ cd ..     # வீட்டுக் கோப்புறைக்குத் திரும்பும்
```

ஒரே `..`, இரண்டு அர்த்தம். `cd` ஷெல்லின் நினைவில் உள்ள பாதையைப் பார்க்கிறது, `ls` வட்டில் உள்ளதைப் பார்க்கிறது. இந்த இடத்தில் நின்றுகொண்டு `rm ../*.old` அடிப்பவர் எந்தக் கோப்புறையில் கை வைக்கிறோம் என்று ஒருமுறை `pwd -P` போட்டுப் பார்ப்பது நல்லது. ஆனாலும் இது பயனரின் குழப்பம். வட்டின் கட்டமைப்பு சேதமாவதில்லை. என் கணிப்பில் இரண்டில் தாங்கக்கூடியது இதுதான்.

தடையை மீறிப் பார்த்தவர்களும் உண்டு. ஆப்பிள் 2007-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.5-இல் டைம் மெஷின் காப்புநகலுக்காக HFS+ முறைமையில் கோப்புறை ஹார்ட் லிங்க்கை அனுமதித்தது. மாறாத கோப்புறைக்கு ஒரே ஒரு லிங்க் போட்டால் போதும், அதன் கீழுள்ள ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தொட வேண்டியதில்லை. உண்மையிலேயே பலமான வாதம். ஆனால் வட்டம் உருவாகாதபடி வேலி போட்டார்கள், `ln` கட்டளைக்கு அதைத் திறந்துவிடவும் இல்லை. 2017-இல் வந்த APFS அந்த வசதியையே கைவிட்டது. 2020-இன் பிக் சர் பதிப்பிலிருந்து APFS வட்டுகளில் டைம் மெஷின் ஸ்னாப்ஷாட் முறைக்குப் போய்விட்டது.

லினக்ஸில் ஒரு கோப்புறை நிஜமாகவே இரண்டு இடங்களில் தெரிய வேண்டுமென்றால் `mount --bind` இருக்கிறது. `findmnt` போட்டால் அது வெளிப்படையாகத் தெரியும். மறுதொடக்கத்துக்குப் பிறகும் நீடிக்க `/etc/fstab`-இல் எழுத வேண்டும். அதன்மேல் `rm -rf` ஓடினால் மூலத்தின் உள்ளடக்கமே அழியும் என்பதை மறக்கக் கூடாது. காப்புநகலுக்கோ `rsync --link-dest` போதும். கோப்புகளுக்கு மட்டும் ஹார்ட் லிங்க் போட்டு, கோப்புறைகளை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குகிறது. ஒரு லட்சம் கோப்புறைகள் இருந்தால், கோப்புறைக்கு 4 கேபி வீதம் ஒவ்வொரு நகலுக்கும் சுமார் 400 எம்பி கூடுதல் செலவு. சிதையாத மரத்துக்கு அது மலிவான விலை.