பதினான்கு நாட்களும் எண்பத்திரண்டு புள்ளிகளும்
மொழிபெயர்ப்புக்குப் புள்ளியிடும் முறை பற்றிய ஒரு விமர்சனம்

அக்கரைப்பற்றில் எனக்குத் தெரிந்த ஓர் உம்மா இத்தாவில் இருந்த காலத்தில், கணவரின் காணி தொடர்பாக ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. அந்தக் காணியை வேறொருவர் பெயருக்கு மாற்றுவதில் ஆட்சேபனை உள்ளவர்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விடயம். தமிழ்ப் பிரதியை மகன் வாசித்துக் காட்டினான். "14 நாட்களின் பின்னர் ஆட்சேபனைகளைச் சமர்ப்பிக்கலாம்" என்றிருந்தது. "பதினாலு நாள் கழிஞ்சிதான் குடுக்கலாமாம்மா" என்றான். 16ஆம் நாள் கடிதத்தைக் கொண்டுபோனான். காலம் முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் ஒட்டியிருந்த சிங்களப் பிரதியில் "14 நாட்களுக்குள்" என்று சரியாகத்தான் இருந்தது.

அந்தத் தமிழ்ப் பிரதியை எடுத்துக்கொண்டு தம்பிலுவிலுக்குப் போனேன். அங்கே என் பழைய நண்பர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மொழிபெயர்ப்பாளர் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு நாங்கள் இருவரும் வார இறுதியில் பாடம் நடத்துகிறோம். அதே சிங்கள மூலத்தைக் கொடுத்து, ஒரு பிள்ளையிடம் புதிதாக மொழிபெயர்க்கச் சொன்னோம். பிறகு இரண்டு பிரதிகளையும் தனித்தனியே திருத்திப் புள்ளியிட்டோம். அந்தப் பயிற்சியில் நான் கண்டதே இக்கட்டுரை.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். நம்மிடையே மொழிபெயர்ப்பு விமர்சனம் பெரும்பாலும் "ஓட்டமில்லை", "உயிரில்லை" என்ற மாதிரியான ஒட்டுமொத்தத் தீர்ப்புகளாகவே இருந்து வந்திருக்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்யும் உலகம் வேறு வழியில் போனது. ஒவ்வொரு பிழையையும் அடையாளமிட்டு, அது எந்த வகை, எவ்வளவு கடுமை என்று இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறார்கள். கடுமைக்கு ஏற்ற நிறையைக் கூட்டி, பிரதியின் சொற்களின் தொகையால் வகுக்கிறார்கள். இன்று பரவலாக உள்ள எம்.கியூ.எம். என்ற சட்டகத்தில் பொருட்பிழை, கலைச்சொற்பிழை, மொழிமரபுப் பிழை, நடைப்பிழை, வாசகருக்குப் பொருந்தாமை முதலிய வகைகள் உண்டு. கடுமையில் சிறுபிழைக்கு 1, பெரும்பிழைக்கு 5, பாரதூரமான பிழைக்கு 25.

வகையும் கடுமையும் வேறுவேறு என்பதை எல்லாரும் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளவில்லை. வாகனத் திருத்தக் கைநூல்களின் மொழிபெயர்ப்புக்காக 2001இல் வந்த ஜே2450 என்ற நியமத்தில் நிறை வகையோடு கட்டப்பட்டிருக்கிறது. பிழையான கலைச்சொல் கடுமையானால் 5, எழுத்துப்பிழை எவ்வளவு கடுமையானாலும் 3தான். தமிழுக்கு இது ஒத்துவராது. நம் நாட்டு பஸ் ஒன்றில் "கர்ப்பிணித் தாய்மார்" என்று எழுத வேண்டிய ஆசனத்துக்கு மேல் "நாய்மார்" என்று எழுதப்பட்டிருந்த படத்தை வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். வகையால் அது வெறும் எழுத்துப்பிழை. தகரம் நகரமாகிவிட்டது, அவ்வளவுதான். அதற்கு 3 புள்ளி கழித்துவிட்டு மேலே போக யாருக்கு மனம் வரும்?

இந்த உதாரணத்தில் எனக்கும் மாஸ்டருக்கும் வாக்குவாதம் வந்தது. நான் 25 போட்டேன். அவர் கேட்டார்: "சேர், அத வாசிச்சு ஆராவது பிழையான சீற்றில போய் இருந்தவங்களா? விசயம் விளங்கித்தானே கிடக்கு?" அதுவும் நியாயம்தான். கடுமை என்ற சொல்லுக்குள் இரண்டு அளவுகோல்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, வாசகரைத் தவறான செயலுக்குத் தள்ளுகிறதா என்பது. மற்றது, வாசகரை அவமதிக்கிறதா என்பது. பஸ் எழுத்து இரண்டாவதில் உச்சம், முதலாவதில் பூச்சியம். எங்கள் காணி அறிவித்தல் அதற்கு நேர் எதிர். அதில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பத்திரிகையும் படம் போடவில்லை. "14 நாட்களின் பின்னர் ஆட்சேபனைகளைச் சமர்ப்பிக்கலாம்" என்பது இலக்கணச் சுத்தமான தமிழ் வாக்கியம். அதுதான் ஆபத்து. தமிழை மட்டும் வாசிப்பவர் எத்தனை முறை வாசித்தாலும் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. மூலத்தை வரிக்கு வரி பக்கத்தில் வைத்தால் மட்டுமே தெரியும்.

அப்படி வைத்துப் பார்த்ததும் பிழை எப்படிப் பிறந்தது என்பதும் தெரிந்தது. மூலத்தில் அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்கள் இருந்தன. 14 நாட்களுக்குள் ஆட்சேபனைகளைச் சமர்ப்பிக்கலாம் என்பது ஒன்று. 14 நாட்களின் பின்னர் கிடைப்பவை ஏற்கப்படமாட்டா என்பது மற்றது. மொழிபெயர்த்தவரின் கண் முதல் 14இலிருந்து இரண்டாம் 14க்குத் தாவி, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. மாஸ்டர் இதை "விடுபாடு" என்ற வகையில் போட்டார், நான் "பிழையான பொருள்" என்று போட்டேன். கடுமையில் வேறுபாடில்லை, இருவரும் 25. ஆனாலும் வகை வீணல்ல. விடுபாடு என்று பதிந்தால்தான், மூலத்தில் எத்தனை இலக்கங்கள், மொழிபெயர்ப்பில் எத்தனை இலக்கங்கள் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அந்த மேசைக்கு வரும். கடுமை பிரதியின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. வகை அடுத்த பிரதியைத் திருத்த உதவுகிறது.

இனிக் கணக்கு. இரண்டு பிரதிகளும் ஏறத்தாழ 200 சொற்கள். மாஸ்டரின் தாளில், ஒட்டப்பட்ட பிரதிக்கு ஆறு சிறுபிழைகள், பெரும்பாலும் வல்லினம் மிகாத இடங்கள். பெரும்பிழை ஒன்று: "அனுமதிப்பத்திரம்" என்று வர வேண்டிய ஓரிடத்தில் "உறுதி" என்றிருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவரும் உறுதிக்காரரும் ஒன்றல்ல என்பது நம் பகுதியில் வயல் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அதோடு அந்த 14 நாள் பிழை. மொத்தம் 6 + 5 + 25 = 36. அதை 200ஆல் வகுத்து, நூறால் பெருக்கி, நூறிலிருந்து கழித்தால் 82.

பிள்ளையின் பிரதியில் பாரதூரமானது ஒன்றுமில்லை. ஆனால் இருபது சிறுபிழைகளும் நான்கு பெரும்பிழைகளும் இருந்தன. வாக்கியங்கள் சிங்கள ஒழுங்கில் முறுக்கிக் கிடந்தன. 20 + 20 = 40. புள்ளி 80.

பிள்ளை தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப ஒட்டினதுதான் நல்லதா சேர்?" என்று கேட்டது. எங்களிடம் பதிலில்லை. ஓர் உம்மாவின் உரிமையைத் தட்டிப்பறித்த பிரதி 82. கொஞ்சம் திணறி வாசித்தாலும் சரியான நாளில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிரதி 80. இன்னொன்றையும் யோசித்தேன். அதே ஒரு பிழை 1000 சொற்கள் கொண்ட, மற்றபடி சுத்தமான அறிக்கையில் இருந்திருந்தால் புள்ளி 97.5 வந்திருக்கும். பிரதி நீள நீளப் பிழை கரைந்துபோகிறது. உம்மாவுக்கு வந்த நட்டம் கரையவில்லை. இந்தச் சட்டகத்தை ஆக்கியவர்களும் இதை அறிவார்கள். அதனால்தான் பாரதூரமான பிழை ஒன்று இருந்தாலே, கூட்டுத்தொகை எதுவாயினும், பிரதியை நிராகரிக்கலாம் என்ற விதியையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். அந்த விதி இல்லாமல் வெறும் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்வது, வைத்தியர் ஒருவர் நூறு நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சரியான மருந்து கொடுத்தார் என்று மட்டும் பார்ப்பதற்குச் சமம்.

அடுத்துவந்தது எனக்கே சங்கடமான விடயம். என் தாளில் விடைகள் வேறு. ஒட்டப்பட்ட பிரதியில் இறந்துபோன அனுமதிப்பத்திரக்காரர்களின் பெயர்களுக்கு முன்னால் "அமரர்" என்று போட்டிருந்தது. அவற்றில் மூன்று முஸ்லிம் பெயர்கள். அமரர் என்றால் தேவர், சாவில்லாதவர். நம்மவர் ஒருவரை அப்படி எழுதமாட்டோம், மர்ஹூம் என்போம். மூன்று இடத்தில் வந்தாலும் ஒரே தவறென்று ஒருமுறை எண்ணி, வாசகருக்குப் பொருந்தாமை என்ற வகையில் 5 கழித்தேன். மாஸ்டர் அதைக் கவனிக்கவே இல்லை. "மரியாதையாத்தானே போட்டிருக்கு எண்டு விட்டுட்டன்" என்றார்.

ஆனால் பிள்ளையின் பிரதியில் "மௌத்தான" என்று ஓரிடத்தில் வந்திருந்தது. அவர் அதற்குச் சிறுபிழை போட்டிருந்தார். என் கண்ணில் அது படவேயில்லை. பழகிய சொல், இயல்பாகக் கடந்துவிட்டேன். "எங்கட ஆக்கள் இத வாசிச்சா விளங்கும், ஆனா இது எங்களுக்கும் எழுதின அறிவித்தலா எண்டு யோசிப்பாங்க" என்றார். அறிவித்தல் தம்பிலுவில், அக்கரைப்பற்று இரண்டுக்கும் உரியது. அவர் சொன்னது சரி.

இந்த இரண்டு சொற்களால் கணக்கே புரண்டது. என் தாளில் ஒட்டப்பட்ட பிரதிக்கு 41 கழிந்து 79.5, பிள்ளையின் பிரதிக்கு 39 கழிந்து 80.5. அவர் தாளில் முதலாவது முந்தியது, என் தாளில் இரண்டாவது. இருவரும் நேர்மையாகத்தான் புள்ளியிட்டோம். ஆறேழு மைல் இடைவெளியில் வாழும், ஒரே மொழி பேசும் இரண்டு பேரின் காதுகள் வேறு என்பதுதான் காரணம். ஒரு தசம வித்தியாசத்தில் பிரதிகளை வரிசைப்படுத்துவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். நாங்கள் "இறந்த" என்ற பொதுச்சொல்லை முடிவு செய்து சொற்பட்டியலில் எழுதினோம். பள்ளிவாசல் அறிவித்தலானால் "மௌத்தான" பிழையே அல்ல என்றும் பக்கத்தில் குறித்தோம். புள்ளியிடத் தொடங்குமுன் இந்தப் பட்டியல் இருந்திருந்தால் எங்கள் தாள்கள் இவ்வளவு விலகியிரா.

தமிழ் மொழிபெயர்ப்பை இந்த வழியில் அளந்த பெரிய முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தோர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் ஏழு இயந்திர மொழிபெயர்ப்பு முறைகளின் 7000 வாக்கியங்களை மொழிவல்லவர்கள் பிழை பிழையாக அடையாளமிட்டார்கள். இயந்திரங்களை ஒப்பிட அது பயன்படும். ஆனால் தனித்தனி வாக்கியங்களை அளக்கும் முறை, சுவரில் ஒட்டிய ஓர் அறிவித்தலை யார், எந்த அவசரத்தில், எந்த வீட்டுச் சூழலில் வாசிக்கிறார் என்பதைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் கடுமையை எப்படித் தீர்மானிப்பது?

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரச கருமமொழியானது. அதன்பிறகு தமிழ்ப் பிரதி இருக்கிறதா இல்லையா என்பதே நம் சண்டையாக இருந்தது. இருந்தால், எழுத்துப்பிழையைப் பிடித்துச் சிரித்தோம். மூலத்தோடு ஒப்பிட்டுக் கடுமையை எடைபோடும் வேலையை யாரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் வகுப்பில் தாள் மாறியிருக்கிறது. முதல் வரியில் புள்ளி இல்லை. "இதை நம்பி நடப்பவருக்கு என்ன நட்டம்?" என்ற கேள்வியும், ஆம் அல்லது இல்லை என்ற கட்டமும் இருக்கின்றன. அதில் அடையாளம் விழுந்தால் கீழே உள்ள கூட்டலைச் செய்வதில்லை. விழாவிட்டால் மட்டும் எண்ணுகிறோம். ஒவ்வொரு தாளிலும் இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று தம்பிலுவில் பக்கத்தது, மற்றது அக்கரைப்பற்றுப் பக்கத்தது.

உம்மாவின் மேன்முறையீட்டுக் கடிதத்தோடு இரண்டு பிரதிகளையும் இணைத்து, அந்த இரண்டு வரிகளுக்கும் கீழே கோடிட்டுக் கொடுத்திருக்கிறோம். புள்ளி எதுவும் எழுதவில்லை.