x எப்போதும் பிறப்பாக்கி அல்ல

முடிவுறு களத்தைக் கட்டும் வழக்கமான முறையில் குறை சொல்ல அதிகமில்லை. பகா எண் p-ஐ மட்டாகக் கொண்ட எண்களைக் கெழுக்களாக வைத்து, n படியுள்ள பகுக்கவியலாத பல்லுறுப்புக்கோவை ஒன்றைத் தேர்ந்து, அதனால் வகுத்த மீதிகளைத் திரட்டினால் pⁿ உறுப்புகள் கொண்ட களம் கிடைக்கிறது. எந்தக் கோவையைத் தேர்ந்தாலும் அமைப்பில் அது ஒரே களம்தான். சுழியற்ற உறுப்புகள் பெருக்கலில் சக்கரக் குலம் ஆகும் என்ற நிறுவலும் பழுதற்றது.

பழுது அடுத்த அடியில் இருக்கிறது. பிறப்பாக்கி உண்டு என்று சொல்லும் அந்த நிறுவல், எது பிறப்பாக்கி என்று காட்டுவதில்லை. அந்த வெற்றிடத்தில் x-ஐக் கேள்வியின்றி உட்காரவைக்கும் பழக்கம் பாடங்களில் ஊறியிருக்கிறது. எடுத்துக்காட்டுகளும் அதற்கே துணைபோகின்றன. 4, 8 உறுப்புகள் கொண்ட களங்களில் பெருக்கல் குலத்தின் வரிசை முறையே 3, 7. இரண்டும் பகா எண்கள் என்பதால் 1 நீங்கலாக எதை எடுத்தாலும் பிறப்பாக்கிதான். தவறவே வழியில்லாத இடத்தில் பழகிய மாணவருக்குச் சோதனையின் தேவை எப்படித் தெரியும்? 16 உறுப்புக் களத்திலேயே நிலை மாறிவிடுகிறது. x⁴+x³+x²+x+1 பகுக்கவியலாதது; ஆனால் அதை x+1-ஆல் பெருக்கினால் x⁵+1 வருவதால் x⁵=1. பதினைந்து அடுக்குகளும் வேறுவேறாக வர வேண்டிய x, ஐந்தாவதிலேயே 1-க்குத் திரும்பிவிடுகிறது.

நடைமுறையில் இதன் விலை பெரிது. கியூஆர் குறியீட்டின் பிழைதிருத்தம் 256 உறுப்புக் களத்தை x⁸+x⁴+x³+x²+1 கொண்டு கட்டுகிறது. அங்கே x பிறப்பாக்கி. ஏஇஎஸ் மறையாக்கம் எடுத்துக்கொள்வது x⁸+x⁴+x³+x+1. அங்கே x-இன் வரிசை வெறும் 51. முன்னதற்காக எழுதிய மடக்கை அட்டவணை நிரலில் கோவையை மட்டும் மாற்றினால் நிரல் தடையின்றி ஓடும். ஆனால் 51 உறுப்புகளுக்கே மடக்கை கிடைக்கும். மற்ற 204 இடங்கள் வெறுமையாக நிற்க, பெருக்கல் விடைகள் பிழைபடும். 1 மறுபடி எந்த அடுக்கில் வருகிறது என்று பார்த்திருந்தாலே இது பிடிபட்டிருக்கும்.

முறையான சோதனையும் கடினமானதல்ல. 255-இன் பகாக் காரணிகள் 3, 5, 17. எனவே 85, 51, 15 ஆகிய மூன்று அடுக்குகளிலும் 1 வராத உறுப்பே பிறப்பாக்கி. ஏஇஎஸ் களத்தில் x முதலாவதிலும் மூன்றாவதிலும் தேறுகிறது, 51-இல் தோற்கிறது. x+1 மூன்றிலும் தேறுகிறது. 255 உறுப்புகளில் 128 பிறப்பாக்கிகள் இருப்பதால், கண்ணை மூடி எடுத்தாலும் இரண்டுக்கு ஒன்று சரியாக அமையும்.

x பிறப்பாக்கியாகும் கோவையையே தேர்ந்துகொண்டால் சிக்கல் தீர்ந்தது என்பது வழக்கமான சமாதானம். அது ஏற்கத்தக்கதல்ல. இரும எண்களின் மீது 8 படியுள்ள பகுக்கவியலாத கோவைகள் 30. அவற்றில் 16 மட்டுமே அத்தகையவை. எந்த 16 என்று அறிய அதே சோதனைதான் வேண்டும். ஏஇஎஸ் போலத் தரநிலையே கோவையை விதித்துவிட்டால் தேர்வுக்கும் இடமில்லை. அந்தச் சோதனையோ pⁿ−1-இன் பகாக் காரணிகளை முன்கூட்டியே கேட்கிறது. களம் மிகப் பெரிதாகும்போது உண்மையான தடை அந்தக் காரணிப்படுத்தலே; கோவையைத் தேடுவது அதற்கு முன் எளிய வேலை.