பிவட் எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

காவிகள் ஒன்றையொன்று சாராதவையா என்று பார்க்க, அவற்றை நிரல்களாக அடுக்கித் தாயம் அமைத்து, நிரைகளைக் கழித்துக் குறுக்கி, பிவட்டுகளை எண்ணுவது வழக்கம். நிரலுக்கு ஒரு பிவட் இருந்தால் அவை சாராதவை. இந்த முறை எதுவரை நம்பத்தக்கது என்பதைத் திருகோணமலைத் துறைமுகத்தின் வற்றுப்பெருக்கைக் கொண்டு சோதிக்கலாம்.

அங்கே நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை எட்டாது. அதில் முக்கியமானவை இரண்டு அலைகள்: 12 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் சூரிய அலை, ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் சந்திர அலை. இரண்டும் சேர்ந்து உச்சமடையும் கணத்திலிருந்து நேரத்தை எண்ணுவோம். சராசரி மட்டம், சூரிய அலை, சந்திர அலை ஆகிய மூன்று நிரல்களே போதும்.

12 மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் அளந்தால் சூரிய அலையின் நிரலில் 1 தவிர வேறெதுவும் வராது. அது சராசரி மட்டத்தின் நிரலேதான். அங்கே பிவட் விழாது. எத்தனை மாதம் அளந்தாலும் அந்த இரண்டையும் பிரிக்க முடியாது என்பதையும், எந்த நிரல் எதைச் சார்ந்தது என்பதையும் குறுக்கிய தாயம் ஐயமின்றிக் காட்டிவிடுகிறது. இது முறையின் பெரும்பலம்.

இனி 0, 6, 12 ஆம் மணிகளில் அளப்போம்:

```
1   1   1         1   1   1
1  -1  -0.9943 →  0  -2  -1.9943
1   1   0.9774    0   0  -0.0226
```

மூன்று பிவட்டுகள் இருப்பதால் சாராதவை என்பதே தீர்ப்பு. ஆனால் எண்களை ஒரு தசம தானத்துக்கு மட்டம் தட்டினால் கடைசிப் பிவட் 0 ஆகி, தீர்ப்பு தலைகீழாகிறது. நடைமுறைத் தீங்கு இதைவிடப் பெரிது. சந்திர அலையின் வீச்சத்தைப் பெற, இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தை 0.0226 ஆல் வகுக்க வேண்டும். அந்த வித்தியாசத்தில் 1 செ.மீ. பிழை இருந்தால் விடையில் 44 செ.மீ. பிழை வரும். ஒரு மீட்டருக்குள் ஏறி இறங்கும் கடலுக்கு அந்த விடையால் பயனில்லை.

மூன்றாவது அளவீட்டை 12 ஆம் மணிக்குப் பதிலாக 174 ஆம் மணியில், அதாவது ஏழே கால் நாள் கழித்து எடுத்தால், இரண்டு அலைகளும் எதிரெதிர் நிலைக்கு வந்திருக்கும். கடைசிப் பிவட் 1.9927 ஆகிறது, அதே 1 செ.மீ. பிழை விடையில் அரை செ.மீ. ஆகச் சுருங்குகிறது. இரண்டு முறையும் பிவட்டுகள் மூன்றுதான். எண்ணிக்கை இந்த வேறுபாட்டைக் காட்டவே இல்லை.

பிவட்டின் பருமனுக்கு ஓர் எல்லை வகுத்தாலும் குறை தீராது. ஒரு நிரலின் அலகை மீட்டரிலிருந்து சென்டிமீட்டருக்கு மாற்றினால் பிவட் நூறு மடங்கு மாறும். காவிகளின் உறவு மாறாது. ஆகவே அளந்த தரவுகளில் நிரல்களை ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்து, தாயத்தின் மிகப் பெரிய சிங்குலர் மதிப்பை மிகச் சிறியதால் வகுத்துப் பார்க்க வேண்டும். அந்த விகிதம் பெரிதானால், பிவட் எத்தனை இருந்தாலும் அளவிடும் நேரங்களையே மாற்ற வேண்டும். முழு எண்களும் பின்னங்களும் துல்லியமாக நிற்கும் கணக்குகளில் மட்டுமே பிவட் எண்ணிக்கையை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாம்.