குற்றவாளி பேச்சு அல்ல

2024 செப்டம்பரில் ‘மெய்யழகன்’ வெளியானபோது எழுந்த பெரும் புகார், படத்தில் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது. வெளியான சில நாட்களிலேயே ஏறக்குறைய 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. அதோடு ஒரு பழைய தீர்ப்பும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தது: நல்ல சினிமா காட்சியால் சொல்லும், வசனத்தால் சொல்லாது, கதாபாத்திரத்தின் முன்கதையை வாயால் சொல்ல வைப்பது நாடகத்தின் மிச்சம். திரைக்கதைப் பட்டறைகளில் இது வேதவாக்காகிவிட்டது. ஆனால் தமிழ்ப் படங்களின் வரலாறு இதற்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியை எடுத்துக்கொள்வோம். 1952இலிருந்து ‘வசன சினிமா’வின் சின்னமாக ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பது அதுதான். குணசேகரன் அங்கே சொல்லும் கதையில் நமக்குப் புதிய செய்தி ஏதுமில்லை. அத்தனையையும் கண்ணால் பார்த்துவிட்டோம். தெரியாதவர்கள் நீதிமன்றத்தில் இருப்பவர்கள். அவர்கள் தீர்ப்பைத் தன் பக்கம் திருப்பவே அவன் பேசுகிறான். நடை அலங்காரமானது, இன்றைய காதுக்குக் கூசலாம். ஆனால் அது தகவல் கொட்டல் இல்லை, வழக்கு. இரண்டு ஆண்டு கழித்து வந்த ‘அந்த நாள்’ படத்திலும் முன்கதை முழுக்க விசாரணையின் பதிலாகவே வருகிறது. பதில் சொல்லும் ஒவ்வொருவருக்கும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் உண்டு.

தகவல் கொட்டலின் அடையாளம் வசனத்தின் நீளம் அல்ல. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை, அவர் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து அரங்கில் இருப்பவனிடம் சொல்வதுதான் அது. ‘உனக்குத் தெரியாததா’, ‘நான் சொல்லியா தெரியணும்’ என்று தொடங்கும் வசனங்கள் பெரும்பாலும் இந்த வகை. எழுதியவருக்கே உறுத்தியதால் முன்கூட்டிக் கேட்ட மன்னிப்பு அது. இன்னொரு தடயமும் உண்டு. பாத்திரத்தின் முதுகையோ தூரத்தில் போகும் பஸ்ஸையோ காட்டும் ஷாட்டில் திடீரென ஒரு தகவல் காதில் விழுந்தால், படத்தொகுப்புக்குப் பிறகு யாரோ ‘புரியவில்லை’ என்று சொல்ல, டப்பிங்கில் ஒட்டிய ஒட்டுத்துணியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மகேந்திரன் இதில் தனிப்பிறவி. ‘தங்கப்பதக்கம்’ எழுதிய கை அது. கனமான வசனத்தின் ருசி அவருக்கு நன்றாகவே தெரியும். 1978இல் ‘முள்ளும் மலரும்’ இயக்கும்போது அந்த ருசியை அவர் துறந்தார் என்று எழுதுகிறோம். முழு உண்மை அதுவல்ல. கடைசிக் காட்சியில் காளி பேசத்தான் செய்கிறான். கையிழந்த அண்ணனை விட்டு இஞ்சினியரை மணக்கப் போகும் வள்ளி, திரும்பி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். வேறொரு இயக்குநராக இருந்தால், அப்பா அம்மா இல்லாத உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான் என்று ஒரு பக்கப் பட்டியல் வந்திருக்கும். காளியின் பேச்சில் அந்தப் பட்டியல் இல்லை. உங்கள் எல்லோரையும் விட்டு என் தங்கை என்னிடம் வந்துவிட்டாள் என்ற பெருமிதமும், மாப்பிள்ளையை இன்னமும் பிடிக்கவில்லை என்ற வீம்பும்தான் இருக்கின்றன. எல்லாம் அந்த நிமிடத்தின் பேச்சு. வளர்த்த கதை முழுவதும் அதற்கு அடியில் கிடக்கிறது.

மணிரத்னம் வேறு வழியில் போனார். ‘மௌன ராக’த்தில் என்ன வேண்டும் என்று கணவன் கேட்க, விவாகரத்து என்கிறாள் திவ்யா. ஏன் என்கிறான். அதற்குப் பிறகுதான் அவளுடைய பழைய காதலன் மனோகர் வருகிறான். பிளாஷ்பேக் பழைய கருவிதான். ஆனால் அந்தக் கதையைச் சொல்வது அவளுக்கு ஒரு காரியம். நல்லவனான ஒருவனை விலக்கி வைக்க அவள் கையில் இருந்தது அது ஒன்றே.

பிறகு வந்தது ‘பாட்ஷா’ (1995). அதன் வாரிசுகள் மேல் எனக்குத் தீராத கோபம். மூலத்தின் மேல் இல்லை. தங்கைக்கு மருத்துவக் கல்லூரி இடம் வாங்கித்தந்த மாணிக்கம் உள்ளே என்ன சொன்னான் என்பதை முழுதாக நமக்குத் தரவில்லை. உண்மையைச் சொன்னேன் என்று தங்கையிடம் முடித்துக்கொள்கிறான். அந்த இடைவெளிதான் பிளாஷ்பேக்குக்கான பசியைக் கிளப்பியது. பின்வந்தவர்கள் பசியை விட்டுவிட்டுப் பந்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இடைவேளை முடிந்ததும் நாயகனின் நண்பன் யாரும் கேட்காமலே, ‘அவன் யார் தெரியுமா?’ என்று ஆரம்பிப்பான். இருபது ஆண்டுகள் இதைச் சகித்தோம். ‘விருமாண்டி’ (2004) விலக்கு: அங்கே சிறைக்கு வரும் ஆவணப்பட இயக்குநரிடம் இருவர் ஒரே கதையை முரணாகச் சொல்கிறார்கள். முன்கதையே சண்டைக்களமாகிவிடுகிறது.

மேசையில் வைத்து இதைச் சரிசெய்வது எப்படி? ஓர் அண்ணன், தங்கை. முதல் படியில் தங்கை சொல்கிறாள்: “அண்ணா, அப்பா செத்து எட்டு வருஷமாச்சு. அன்னையிலிருந்து லாரி ஓட்டி என்னைப் படிக்க வெச்சே. உனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலே.” அவனுக்கு இதில் எதுவும் செய்தியில்லை. வசனத்தை வெட்டிவிட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டுவார்கள் பட்டறைக்காரர்கள். அதுவும் கொட்டல்தான், ஊமைக் கொட்டல். மாறாக அவளுக்கு ஒரு தேவையைக் கொடுப்போம்: இன்றைக்குள் விடுதி விண்ணப்பத்தில் கையெழுத்து வேண்டும்.

“போடு.”

“அப்பான்னு இருக்கிற இடத்துலயா?”

“போன தடவை மட்டும் எங்க போட்டே?”

போடுகிறான். அவள் தாளை மடித்தபடி, “ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்லேர்ந்து வராங்களாமே?”

“வர வேணாம்னுட்டேன். லாரிக்கு டியூ முடியட்டும்.”

“இதோட மூணு வீடு.”

அப்பா இல்லை, அண்ணனே பாதுகாவலன், லாரிக் கடன், தள்ளிப்போகும் கல்யாணம் எல்லாம் வந்துவிட்டன. விட்டுப்போனது எட்டு வருஷம் என்ற கணக்கு. அதை யாரும் தேடப்போவதில்லை. பின்னால் கதைக்கு அந்தக் கணக்கு வேண்டுமென்றால், அது தெரியாத ஒருவர், உதாரணமாகக் கடன் கொடுத்த நிதி நிறுவனக் குமாஸ்தா, கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம். தமிழ் நமக்குத் தந்திருக்கும் சலுகைகள் வேறு உண்டு. மதினி, சித்தி, மச்சான் என்று ஒரு விளி போதும், உறவை அறிமுகம் செய்யும் வசனம் மிச்சமாகும். வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்தவள் கோபத்தில் ஒருமுறை ‘வாடா’ என்றால் பழைய சிநேகம் வெளிப்பட்டுவிடும்.

குறிப்பாலேயே எல்லாம் சொல்வதிலும் ஆபத்துண்டு. யார் யாருக்கு என்ன வேண்டும் என்பதே பிடிபடாமல் முதல் அரைமணி நேரம் போனால், பிறகு எந்த நுட்பமும் எடுபடாது. டப்பிங் ஒட்டுத்துணிகள் அங்கேதான் தேவைப்படுகின்றன. அடிப்படைத் தகவல் ஒன்றிரண்டை நேராகச் சொல்லிவிட்டுப் போவது உத்தமம்.

யாருக்கு எதை ஏன் சொல்ல வேண்டும் என்பது ‘மெய்யழகன்’ இயக்குநர் பிரேம்குமாருக்குத் தெரியும். ‘96’இல் ராமின் மாணவிகள் ஜானுவை அவன் மனைவி என்று நினைத்துக் காதல் கதையைக் கேட்கிறார்கள். கல்லூரிக்கு அவளைத் தேடி வந்த ராம் திரும்பிப்போனதுதான் நடந்தது. அதன் முடிவை மாற்றி, சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறாள் ஜானு. உண்மை நமக்குத் தெரியும், ராமுக்குத் தெரியும்; தெரியாதவர்களுக்குச் சொல்லப்படுவது பொய். முன்கதை வலியாக மாறுகிறது. ‘மெய்யழக’னில் இன்னும் துணிச்சல். பேசுகிறவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. கேட்கும் அருள்மொழிக்கு அவன் பெயர்கூட நினைவில்லை, கேட்கவும் வெட்கம். ஆகவே அந்த இரவு முழுக்கச் சொல்லப்படும் ஒவ்வொரு பழங்கதையும் அருளுக்குத் துப்பு, கூடவே குற்றச்சாட்டு. அவன் விட்டுப்போன பழைய சைக்கிள் அந்தக் குடும்பத்துக்கு எப்படிக் கைகொடுத்தது என்று கேட்கும்போது, தன் வாழ்க்கையைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றை அறிகிறான். சில இடங்களில் பேச்சு இவர்கள் இருவரையும் விட்டு நழுவி ஊருக்கு உபதேசமாகிறது. அங்கே கத்தரி வைக்கலாம். ஆனால் ‘பேச்சு அதிகம்’ என்ற அளவுகோலை வைத்து வெட்டினால், சைக்கிளுக்கும் உபதேசத்துக்கும் வித்தியாசம் தெரியாது.