பிரெஞ்சு மின்னஞ்சலில் வாக்கிய லயம்

பிரெஞ்சு மொழியில் மின்னஞ்சல் எழுதப் பழகும் அந்நியர்களுக்கு ஆசிரியர்கள் தவறாமல் செய்யும் உபதேசம் ஒன்று உண்டு. எல்லா வாக்கியங்களையும் ஒரே அளவில் எழுதாமல், நீண்டதும் குறுகியதுமாக மாற்றி மாற்றி எழுதினால், கடிதம் வேற்றுமொழியிலிருந்து பெயர்த்ததுபோலத் தோன்றாமல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தாமே எழுதியதுபோல அமையும் என்பது அதன் சாரம். இந்த உபதேசம் பயனுள்ளது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், அது வெளியில் தெரியும் விளைவைச் சுட்டுகிறதேயன்றி அதன் காரணத்தைச் சுட்டவில்லை என்பதும், அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பின்பற்றுகிறவர்கள் ஒரு குறையை நீக்கி மற்றொன்றை வரவழைத்துக்கொள்கிறார்கள் என்பதும் என் அபிப்பிராயம்.

உதாரணமாக, லியோன் நகரில் வாடகைக்குக் குடியிருக்கும் வெளிநாட்டு மாணவர் ஒருவர், சமையலறைத் தொட்டியின் அடியில் நீர் கசிவதைக் குறித்து, வீட்டை நிர்வகிக்கும் முகவர் நிலையத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவர் பிரெஞ்சில் எழுதும் ஏழு வாக்கியங்களின் பொருள் இது: நீர்க்கசிவு பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். கசிவு திங்கட்கிழமை தொடங்கியது. நான் உங்கள் நிலையத்தை இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தேன். யாரும் பதில் சொல்லவில்லை. தரைப்பலகை உப்பத் தொடங்கியிருக்கிறது. குழாய் வேலைக்காரர் எப்போது வர முடியும் என்று அறிய விரும்புகிறேன். உங்கள் உதவிக்கு நன்றி.

இலக்கணப் பிழை இதில் ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டும் இருக்கிறார். ஆனால், படிக்கும் முகவர் இரண்டாவது வாக்கியத்திலேயே எழுதியவர் அந்நியர் என்று கண்டுகொள்வார். இதற்கு வாக்கியங்களின் ஒரே அளவுதான் காரணம் என்று சொல்வோமானால், அவற்றின் பிரெஞ்சு வடிவத்திலுள்ள சொற்களை எண்ணிப் பார்க்கும்போது அந்த விளக்கம் நிற்பதில்லை. முறையே எட்டு, ஐந்து, ஆறு, மூன்று, ஐந்து, எட்டு, நான்கு என்று அவை வருகின்றன. மிக நீண்டது மிகக் குறுகியதைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். உபதேசம் கேட்ட வேற்றுமை இங்கே இருக்கத்தான் செய்கிறது. லயம் மட்டும் இல்லை.

காரணத்தைக் காண வேண்டுமானால் சொற்களை எண்ணுவதை விட்டுவிட்டு, கடிதத்தின் இடது ஓரத்தில் ஒவ்வொரு வாக்கியமும் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். 'நான்', 'கசிவு', 'நான்', 'யாரும்', 'தரைப்பலகை', 'நான்' என்று, கடைசியில் வரும் நன்றியைத் தவிர, எல்லாமே எழுவாயில் தொடங்கி உடனே வினையை அடைந்து, அங்கிருந்து ஒரே வழியாக முற்றுப்புள்ளிக்குப் போய்ச் சேர்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே என்ன உறவு, அது காரணமா, விளைவா, முரணா என்பதை எழுதியவர் சொல்லவில்லை. படிப்பவர் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஆங்கிலம் இந்த மௌனத்தை இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறது. பிரெஞ்சு அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு 1958இல் வினே, தார்பெல்னே என்னும் இரு அறிஞர்கள் வெளியிட்ட நடையியல் நூல், வாக்கியங்களுக்கிடையே உறவைக் காட்டும் இத்தகைய சொற்களுக்குக் 'கீல்' என்று பொருள்படும் 'ஷார்னியேர்' என்ற பெயரை வழங்கி, அவற்றை வெளிப்படையாக வைப்பதில் பிரெஞ்சுக்கு உள்ள நாட்டத்தை விரிவாக எடுத்துக் காட்டிற்று. நீளம் என்பது இந்தக் கீல்களை வைத்தபின் தானே வந்து சேரும் பலன்.

அந்த மாணவரின் கடிதத்தை ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதினால் ஏறக்குறைய இப்படி அமையும்: திங்கட்கிழமை முதல் சமையலறைத் தொட்டியின் அடியில் நீர் கசிந்துவருகிறது, தங்கள் நிலையத்தை இருமுறை அழைத்தும் ஒருவரோடும் பேச முடியவில்லை. இந்நிலையில் தரைப்பலகையும் உப்பத் தொடங்கிவிட்டது. குழாய் வேலைக்காரர் எந்த நாளில் வர இயலும் என்று தெரிவிப்பீர்களா? வாரம் முழுவதும் நான் வீட்டில்தான் இருப்பேன், வியாழக்கிழமை காலை நீங்கலாக.

பிரெஞ்சில் முதல் வாக்கியம் 'தெப்புயி லன்தி', அதாவது 'திங்கள் முதல்', என்று காலத்தில் தொடங்கி, 'மால்க்ரே' என்ற சொல்லால் 'அழைத்தும்' என்னும் முரணை உள்ளே அடக்கிக்கொண்டு, இருபத்தொரு சொற்களில் நடந்துமுடிந்த கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது. முந்தைய கடிதத்தில் மூன்று வாக்கியங்களாகச் சிதறிக் கிடந்த செய்திகள் இவை. இரண்டாவது வாக்கியத்துக்கு ஆறே சொற்கள். ஆனால் அதன் தலையில் நிற்கும் 'ஓர்' என்ற ஒற்றையசைச் சொல், நிலைமையை மாற்றும் புதிய உண்மை ஒன்று இதோ வருகிறது என்று முன்னறிவிக்கிறது. தர்க்கத்தில், மனிதர் எல்லோரும் இறப்பவர் என்று சொன்னபின் சாக்ரடீஸ் ஒரு மனிதர் என்னும் இரண்டாவது கூற்றைத் தொடங்கிவைக்கப் பிரெஞ்சுப் பள்ளிகளில் பயில்வதும் இதே சொல்தான். மூன்றாவது, எட்டுச் சொற்கள் கொண்ட கேள்வி. எழுவாய் வினைக்குப் பின்னே போய்விட்டதால் இடது ஓரத்தில் 'பூரியே வூ' என்ற வினை நிற்கிறது. நான்காவதில்தான் 'நான்' முதன்முறையாகத் தலைகாட்டுகிறது. 'எழுதுகிறேன்' என்று அறிவிக்கும் வாக்கியம் அடியோடு மறைந்துவிட்டதையும் கவனிக்க வேண்டும். கடிதம் வந்து சேர்ந்ததே அதற்குச் சாட்சியாயிற்றே.

இதில் ஒலியின் பங்கும் உண்டு. ஆங்கிலத்தில் பொருள் தாங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொதுவாகத் தனக்கென்று ஓர் அழுத்தம் இருப்பதால், குறுகிய வாக்கியங்களும் தமக்குள்ளேயே ஏறி இறங்கித் தாளத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. பிரெஞ்சிலோ, சொற்கள் சிறு சிறு கூட்டங்களாகச் சேர்ந்து, அந்தக் கூட்டத்தின் கடைசி அசையிலேதான் அழுத்தம் விழுகிறது. ஆகவே ஒரே கூட்டம் உடைய வாக்கியங்கள் அடுத்தடுத்து வந்தால், ஒரே இடத்தில் ஒரே மாதிரி வீழ்ந்துகொண்டே போகின்றன, செவி சலித்துவிடுகிறது. பல கூட்டங்கள் கூடிய வாக்கியத்தில், சிறியது முன்னும் பெரியது பின்னுமாக வளர்ந்து செல்வதைப் பிரெஞ்சு நடையியலார் 'காதான்ஸ் மாஜேர்' என்கிறார்கள். பெருகிச் செல்லும் நடை என்று கொள்ளலாம். நம் கடிதத்தின் முதல் வாக்கியம் நாலசைத் தொடர் ஒன்றில் தொடங்கி விரிந்து செல்வது இந்த வகையைச் சேர்ந்தது. இதற்கு எதிராக, நீண்டதன் பின்னே சிறியதை வைத்து வெட்டென முடிப்பது குறுகும் நடை. 'வியாழக்கிழமை காலை நீங்கலாக' என்ற வால் அப்படி முடிந்து, பேச்சு ஓய்ந்ததைச் செவிக்கே உணர்த்திவிடுகிறது.

இம்முறையின் பலம் இவ்வளவு தெளிவாக இருக்க, குறை எங்கே வருகிறது என்றால், நீளத்தையே நோக்கமாகக் கொள்ளும்போது வருகிறது. நீண்ட வாக்கியம் ஒன்று வேண்டுமே என்று தேடுகிறவர், பொதுவாகக் கடிதத்தின் முடிவுரையில்தான் அதற்கு இடம் காண்கிறார். 'தங்கள் பதிலை எதிர்பார்த்து' என்று பொருள்படும் தொடரை முதலில் வைத்து, அதை அடுத்து 'வுயே அக்ரேயே' என்று, அம்மையே, என் வணக்கத்தை ஏற்றருள்க என வேண்டி முடிக்கிறார். கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்பார்ப்பவர் எழுதியவர், ஏற்பவரோ படிப்பவர். வினைமுதல் இருவராகிவிட்டதால், இலக்கணத்தில் கண்டிப்புள்ள பிரெஞ்சுக்காரர் இதைப் பிழை என்றே சொல்வார். 'ஜ வூ ப்ரி தாக்ரேயே', அதாவது 'ஏற்கும்படி வேண்டுகிறேன்', என்று மாற்றினால் இரண்டுக்கும் எழுதியவரே வினைமுதலாகிக் குறை நீங்கும். 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே முற்றுக்கும் கொள்ள வேண்டும் என்ற நம் இலக்கண விதியை அறிந்தவர்களுக்கு இதன் நியாயம் உடனே விளங்கும்.

அந்த வினையெச்சமே தமிழ் பேசுகிறவர்களுக்கு வேறொரு வழியில் இடையூறாகவும் ஆகிறது. கடிதத்தைப் பெற்று, படித்து, புரிந்துகொண்டு, விசாரித்து என்று எத்தனை எச்சங்களை அடுக்கினாலும் தமிழ் வாக்கியம் தளர்வதில்லை. இந்தச் சுபாவத்தைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோய், அம்மொழியின் எச்சங்களையும் அப்படியே அடுக்குகிறவரின் வாக்கியம் நீளத்தில் பிரெஞ்சுபோலவும் உள்ளமைப்பில் மொழிபெயர்ப்பாகவும் நின்றுவிடுகிறது. வாக்கியத்தின் தலையில் ஒரே ஓர் எச்சம் அழகு. இரண்டாவது வந்தால் பாரம். மூன்றாவது வந்தால் நீதிமன்றத் தீர்ப்பின் வாடை.

நீளத்துக்கு எதிரான வாதம் பிரான்சிலேயே வலுவாக எழுந்திருக்கிறது. அரசாங்கக் கடிதங்களின் பாஷையை எளிமையாக்குவதற்கென்று 2001இல் அங்கே ஒரு குழுவையே அமைத்தார்கள். குடிமக்களுக்கு வந்த கடிதங்களை அவர்களால் புரிந்துகொள்ள இயலாமற்போனதே அதன் காரணம். கைபேசித் திரையில் படிக்கப்படும் மின்னஞ்சலுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகமாகவே பொருந்தும். ஆகவே, நடந்ததையும் அதன் காரணத்தையும் சொல்லும் இடத்தில் வாக்கியம் நீளலாம். கேட்கும் இடத்தில் ஒருபோதும் நீளக்கூடாது. வேண்டுகோளை ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே, காற்புள்ளிகளுக்கிடையே புதைத்து வைக்கிறவர், லயம் எவ்வளவு இனிதாயினும், பதிலைப் பெறமாட்டார்.

உரக்க வாசித்துப் பார்த்தால் குறை தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். குரோவாசே என்னும் ஊரில் தம் இல்லத்தில் வாக்கியங்களை உரத்த குரலில் முழங்கிச் சோதித்த ஃப்ளோபேரின் உதாரணத்தையும் காட்டுவார்கள். ஆனால் ஃப்ளோபேர் பிரெஞ்சிலே பிறந்த செவியை உடையவர். அந்நியர் தம் தாய்மொழியின் அழுத்தங்களோடு வாசிக்கும்போது, இல்லாத லயம் இருப்பதாகவே அவர் செவிக்குப் படும். அதனால் தொடக்க நிலையில் உள்ளவர் செவியைக் காட்டிலும் கண்ணை நம்புவதே மேல் என்று நான் கருதுகிறேன். இடது ஓரத்தைக் கீழ்நோக்கிப் பார்ப்பதும், ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நின்று அடுத்த வாக்கியத்தோடு உறவைக் காட்டும் சொல் ஒன்று இருக்கிறதா அல்லது அது வேண்டாத இடமா என்று கேட்டுக்கொள்வதும் பிரெஞ்சுச் செவி இல்லாதவருக்கும் கைகூடக்கூடியவை.

இனி, முகவர் நிலையம் பதில் எழுதுகிறது: வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஆள் வருவார். மாணவர் இதற்கு என்ன எழுத வேண்டும்? நன்றி, வியாழன் பிற்பகல் எனக்கு வசதியே என்று ஒரு வரியும், அதன்கீழ் 'கோர்தியால்மான்' என்ற ஒற்றைச் சொல் முடிவும் போதும். பிரெஞ்சுக்காரரும் அதைத்தான் எழுதுவார். முதல் கடிதத்தில் கற்ற லயத்தை இங்கேயும் காட்ட வேண்டும் என்று காலத்தொடரும் முரண்தொடரும் சேர்த்து ஒரு நீண்ட வாக்கியத்தைக் கட்டினால், நாள் குறித்தாகிவிட்ட பின்னும் இவர் ஏன் குறைகூறும் தோரணையில் எழுதுகிறார் என்றுதான் முகவர் நினைத்துக்கொள்வார்.