மூலைவிட்டம் தரும் வாக்குறுதி

நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் காஸ்–சைடல் முறையின் கவர்ச்சி ஒரே ஒரு சிக்கனத்தில் இருக்கிறது. முதல் சமன்பாட்டில் x கிடைத்ததும் அடுத்த வரி அந்தப் புது மதிப்பையே எடுத்துக்கொள்கிறது. சுற்று முடியும்வரை பழைய மதிப்புகளோடு ஓடும் ஜேக்கோபி முறைக்கு இந்தப் பொறுமையின்மை கிடையாது. இன்று காஸின் பெயரைச் சுமந்தாலும், 1823-இல் அவர் தம் மாணவர் கெர்லிங்குக்குக் கடிதத்தில் விளக்கியது வரிசையாகச் சுற்றிவரும் முறையன்று. எங்கே பிழை அதிகமோ அந்தச் சமன்பாட்டைத் திருத்தும் முறை.

நம் பொறியியல் வகுப்புகளில் இந்தக் கணக்கின் முதல் வரி எழுதப்படாத சட்டம்போல நிற்கும்: மூலைவிட்ட ஆதிக்கம் உண்டா என்று பார். ஒவ்வொரு வரியிலும் மூலைவிட்டக் கெழுவின் எண்ணளவு, மற்றக் கெழுக்களின் எண்ணளவுகளைக் கூட்டியதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இருந்தால் எங்கிருந்து தொடங்கினாலும் விடை குவியும். இது உறுதி. ஆனால் இல்லாவிட்டால் குவியாது என்று பலர் எழுதிவிடுகிறார்கள், அது தவறு.

2x + 3y = 8, x + 4y = 9 என்பதைப் பாருங்கள். விடை x = 1, y = 2. முதல் வரியில் 2 என்பது 3-ஐவிடச் சிறிது, சோதனை தோற்றது. ஆனாலும் y = 0 என்று தொடங்கினால் y மதிப்புகள் 1.25, 1.719, 1.895 என்று 2-ஐ நோக்கி ஏறுகின்றன. இரண்டு மாறிகள் மட்டும் உள்ளபோது, மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள இரு கெழுக்களின் பெருக்கத்தை மூலைவிட்டக் கெழுக்களின் பெருக்கத்தால் வகுத்தால் போதும். இங்கே அது 3/8. ஒவ்வொரு சுற்றிலும் பிழை அந்த அளவுக்குச் சுருங்குகிறது. அதே சமன்பாடுகளை இடம்மாற்றி எழுதினால் விகிதம் 8/3 ஆகிவிடும். y முதலில் −3.33, அடுத்து −12.22. ஆக, வரிகளை அடுக்கும் ஒழுங்குதான் பிழைக்கும் வழி. அதைக் கவனிக்க வைப்பதே இந்தச் சோதனையின் உண்மையான பயன்.

பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. 100x + 99y = 199, 99x + 100y = 199 என்ற தொகுதி சோதனையில் தேறிவிடும்; விடை x = 1, y = 1. ஆனால் விகிதம் 0.9801. y = 0-இல் தொடங்கினால் முதல் சுற்றில் அது 0.0199 வரைதான் நகர்கிறது. y-யின் மாற்றம் 0.001-க்குக் கீழே போனதும் நிறுத்தலாம் என்று வழக்கம்போல வைத்துக்கொண்டால், x ஏறத்தாழ 1.05, y 0.95 என்ற இடத்தில் கணக்கு நின்றுவிடும். மூன்று தசமம் சரி என்று நம்பி அடிக்கோடு போட்ட விடையில் இரண்டாம் தசமமே தவறு! சமன்பாட்டில் திரும்ப இட்டாலும் காட்டிக்கொடுக்காது. முதல் வரியில் 199-க்கு ஏறத்தாழ 0.1 மட்டுமே வித்தியாசம் வரும்.

ஆதிக்கச் சோதனை போய்ச் சேர்வதற்குத்தான் உறுதி தருகிறது, எப்போது என்று சொல்வதில்லை. அதற்கு அடுத்தடுத்த இரு மாற்றங்களின் விகிதத்தைப் பார்த்தாக வேண்டும். அது 0.98-இல் நிலைத்து நின்றால், மிஞ்சியுள்ள பிழை கடைசி மாற்றத்தைப் போல 0.98/0.02, அதாவது 49 மடங்கு. வினாத்தாள் அமைப்பவர்கள் ஆதிக்கச் சோதனைக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒன்றை இந்த விகிதத்துக்கு மாற்றித் தரலாம்.