பாதி அலையில் பாதிச் சூடு

பற்றவைப்புக் கோலைக் கொஞ்ச நேரம் சும்மா வைக்கும்போது முனை கருகாமலிருக்க, அதற்குத் தொடராக ஒரு 1N4007 டயோடைச் சேர்ப்பார்கள். வேலைக்கு எடுக்கும்போது ஒரு சுவிட்ச் அந்த டயோடைக் குறுக்கிவிடும். எனக்கு மிகப் பிடித்த சுற்று இது.

230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். டயோடு ஒரு பாதி அலையை மட்டுமே விடுவதால், மல்டிமீட்டரின் டிசி வரம்பு சுமார் 103 காட்டும். அது சராசரி: உச்சத்தை π-யால் வகுத்தது. இதை வைத்துக் கணக்கிட்டால் 25 வாட் கோலுக்கு 5 வாட்தான் கிடைக்கும். ஆனால் கோல் 12.5 வாட்டில் சுடுகிறது. சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், இங்கே பேச வேண்டியது ஆர்எம்எஸ்: உச்சத்தில் பாதி, சுமார் 163 வோல்ட். பாதி நேரம் முழுச்சூடு, பாதி நேரம் ஒன்றுமில்லை. எவ்வளவு நேர்மையான கணக்கு!

நான்கு டயோடு பிரிட்ஜ் வைத்தால் சராசரி இரட்டித்து 207 ஆகும். ஆர்எம்எஸ் √2 மடங்கே கூடி மறுபடி 230 ஆகும். கோல் நேரடி மின்சாரத்தில் சுடுவதுபோலவே சுடும்.

பிரிட்ஜ் இல்லாத முதல் சுற்றில் அந்த ஒற்றை டயோடு ஷார்ட் ஆகிவிட்டால் டிசி அளவு பூஜ்யத்துக்கு இறங்கும், கோலோ முழுச்சூட்டில் இருக்கும். குண்டு பல்புக்கு இந்தப் பாதிக் கணக்கு பொருந்தாது. இழை குளிர்ந்தால் அதன் மின்தடையும் குறைந்துவிடும்.